மஞ்சள் தூள் லாட் MT-2417: பகுப்பாய்வுச் சான்றிதழ் விளக்கம்

ஐயா, வணக்கம்.

ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்பும் 200 மூட்டைகளுக்கான (மூட்டைக்கு 25 கிலோ) ஆய்வகச் சான்றிதழை இத்துடன் அனுப்பியுள்ளோம். முதலில் லாட் எண்ணைச் சரிபாருங்கள். சான்றிதழ், மூட்டை லேபிள், பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எண் மாறியிருந்தால் முடிவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இந்தச் சரக்கைப் பற்றியதல்ல.

ஈரப்பதம் 8.6%. நமக்குள் பேசிய உச்சம் 10%. அதைத் தாண்டினால் கடல் பயணத்தில் தூள் கட்டிபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

குர்குமின் 3.2%. விலையைத் தீர்மானிப்பது இதுதான். இது ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்த மொத்த அளவு. உங்கள் ஆய்வகம் எச்பிஎல்சி முறையில் பார்த்தால் எண் வேறாக வரலாம். அதனால் சரக்கு குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அதே முறையில் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் பட்டால் குர்குமின் குறையும் என்பதால் மூட்டைகளை இருட்டில் வையுங்கள்.

அமிலத்தில் கரையாத சாம்பல் 0.6%. மண்ணும் மணலும் எவ்வளவு கலந்துள்ளன என்பதை இது காட்டும்.

ஈயம் கிலோவுக்கு 0.21 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றிய வரம்பு 1.5. நிறம் கூட்ட லெட் குரோமேட் கலந்த மஞ்சளில் ஈயத்தோடு குரோமியமும் ஏறும். அதனால் இரண்டையும் சேர்த்தே சோதித்தோம்.

அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 1.8 மைக்ரோகிராம் (வரம்பு 5), மொத்தம் 2.4 (வரம்பு 10). சரக்கு திரும்பி வரக் காரணமாகும் சோதனைகளில் இது முக்கியமானது. பூஞ்சை நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவாது, ஓரிரு இடங்களில் குவிந்திருக்கும். ஒரே மூட்டையில் அள்ளிய கைப்பிடித் தூளை நம்ப முடியாது. பல மூட்டைகளிலிருந்து எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்துதான் சாம்பிள் பிரித்தோம். நீங்கள் மறுசோதனை செய்தாலும் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள்.

சால்மொனெல்லா 25 கிராமில் இல்லை. மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை கிராமுக்கு 40,000. ஆவியால் கிருமிநீக்கம் செய்தும் இந்த எண்ணிக்கை பூஜ்ஜியமாகாது, அது இயல்பு.

எத்திலீன் ஆக்சைடு 'கண்டறியப்படவில்லை' என்றிருக்கிறது. இந்தச் சொல்லைத் தனியாகப் படிக்க வேண்டாம், பக்கத்திலுள்ள அளவிடும் எல்லையையும் பாருங்கள். இங்கே அது கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், வரம்பு 0.1. எல்லை 0.5 உள்ள ஆய்வகமும் இதே சொல்லைத்தான் எழுதும், ஆனால் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு உதவாது. 2-குளோரோஎத்தனாலையும் சேர்த்து அளந்தார்களா என்பதும் முக்கியம். வரம்பு இரண்டின் கூட்டுத்தொகைக்கே பொருந்தும்.

இதே லாட்டின் முத்திரையிட்ட எதிர் சாம்பிள் எங்களிடம் 12 மாதம் இருக்கும். உங்கள் முடிவு மாறுபட்டால் மூட்டைகளைப் பிரிக்காமல் எங்களுக்கு எழுதுங்கள். இரு தரப்பும் ஏற்கும் மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு,
ஈரோடு