பணித்திறன் மேம்பாட்டுத் திட்டம்

பெறுபவர்: ரேவதி, மெர்ச்சன்டைசர், பின்னலாடை ஏற்றுமதிப் பிரிவு, திருப்பூர்
அனுப்புபவர்: மெர்ச்சன்டைசிங் மேலாளர்
காலம்: 1 ஜூன் 2026 முதல் 31 ஜூலை 2026 வரை

அன்புள்ள ரேவதி,

வெள்ளிக்கிழமை நாம் பேசியதை எழுத்தில் தருகிறேன். இது தண்டனைக் கடிதம் அல்ல.

மார்ச் முதல் மே வரை நீங்கள் பார்த்த 14 ஆர்டர்களில் 5-க்கு லேப் டிப் குறித்த தேதிக்குப் பிறகே பையருக்குப் போனது. குழந்தைகள் லெகிங்ஸ் ஆர்டரில் 95% காட்டன், 5% எலாஸ்டேன் என்று இருக்க வேண்டிய வாஷ்கேர் லேபிள் 100% காட்டன் என்று அச்சாகி வந்தது. 4,200 பீஸில் லேபிளைப் பிரித்து மாற்றித் தைத்தோம். டெக் பேக்கில் சரியாகத்தான் இருந்தது. ஆர்ட்வொர்க்கை அதோடு ஒப்பிடாமல் அச்சுக்கு விட்டதுதான் தவறு.

எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. பிப்ரவரியில் ஒருவர் வேலையை விட்டதும் அவருடைய 5 ஆர்டர்களை அப்படியே உங்கள் தலையில் கட்டினோம். இன்று முதல் 4 ஆர்டர்கள் வேறொருவருக்குப் போகின்றன. உங்களிடம் 10 மட்டும் இருக்கும்.

எதிர்பார்ப்பவை:

- 10 ஆர்டர்களில் குறைந்தது 9-க்கு லேப் டிப் குறித்த தேதிக்குள் போக வேண்டும். சாயப்பட்டறையோ பையரோ தாமதித்தால் அன்றே எனக்குச் சொல்லிவிடுங்கள், அது உங்கள் கணக்கில் வராது.
- பையர் மெயிலுக்கு அதே வேலைநாளில் பதில். முழு விவரம் கையில் இல்லையென்றால் "நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போதும்.
- டெக் பேக்கோடு ஒப்பிட்டு, இன்னொருவர் கையெழுத்தும் வாங்கிய பிறகே லேபிள் அச்சுக்குப் போகும். இதில் விலக்கு கிடையாது.
- டி அண்ட் ஏ சார்ட் தினமும் மாலை 6 மணிக்குள் அப்டேட் ஆக வேண்டும்.

தினமும் காலை 9.15 முதல் அரை மணி நேரம் சீனியர் மெர்ச்சன்டைசர் உங்களுடன் உட்கார்ந்து அன்றைய ஆர்டர்களைப் பார்ப்பார். முதல் வாரத்தில் அரை நாள் ஆய்வகத்தில் துணிக் கலவை பற்றிய பயிற்சி உண்டு. சாயப்பட்டறை இழுத்தடித்தால் நானே போன் செய்கிறேன், தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் கேட்டதை யாரும் குறையாக எழுத மாட்டோம்.

ஜூன் 15, ஜூன் 29, ஜூலை 13 ஆகிய திங்கட்கிழமைகளில் மாலை 4 மணிக்குச் சந்திப்போம். இறுதி மதிப்பாய்வு ஜூலை 31, வெள்ளி. பேசியதைக் குறிப்பாக எழுதி அன்றே உங்களுக்குப் பிரதி தருவோம். இடையில் நீங்கள் விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் தேதி தள்ளிப்போகும்.

இலக்குகள் எட்டப்பட்டால் திட்டம் முடிந்தது; அடுத்த சம்பள உயர்வுக்கு இது தடையாகாது. முன்னேற்றம் தெரிந்தும் கொஞ்சம் குறைந்தால் ஒருமுறை 30 நாள் நீட்டிப்போம். அதற்கும் சரிவரவில்லை என்றால் சாம்பிளிங் பிரிவுக்கு மாறுவது பற்றிப் பேசுவோம். அதற்கு மேல் எந்த முடிவானாலும் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் எடுக்க மாட்டோம்.

இதில் ஏதாவது தவறு என்று தோன்றினால் ஜூன் 5-க்குள் எச்.ஆருக்கு எழுதுங்கள். அதையும் இத்துடன் சேர்த்து வைப்போம். கீழே நீங்கள் இடும் கையெழுத்து இதைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதற்கு அல்ல.

மெர்ச்சன்டைசிங் மேலாளர்
1 ஜூன் 2026

பெற்றுக்கொண்டேன்: ரேவதி