கணையம்: வினாக்களும் விடைக்குறிப்புகளும்

வேலூர் வட்டாரச் செவிலியப் பட்டயப் பயிற்சி மாணவர்களுக்கான மாதத் தேர்வு. மொத்தம் 25 மதிப்பெண்கள்.

வினா 1 (8 மதிப்பெண்கள்). குடியாத்தத்தைச் சேர்ந்த 38 வயது லுங்கி நெசவாளர், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலியோடும் ஓயாத வாந்தியோடும் நான்காம் நாள் வேலூருக்குக் கொண்டுவரப்படுகிறார். மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறைகிறது. சீரம் அமைலேஸ் லிட்டருக்கு 180 யூனிட் (அந்த ஆய்வகத்தின் உச்ச இயல்பளவு 100), லைப்பேஸ் 1,460 யூனிட் (உச்ச இயல்பளவு 60). அமைலேஸ் இரு மடங்கைக்கூட எட்டாதபோது இதைத் தீவிரக் கணைய அழற்சி எனக் கொள்ளலாமா?

விடை: கொள்ளலாம். இந்நோய்க்கே உரிய வலி, உச்ச இயல்பளவைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்த அமைலேஸ் அல்லது லைப்பேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே நோய் உறுதியாகிறது. இவருக்கு வலியும் லைப்பேஸும் போதும். அமைலேஸ் சில மணி நேரத்தில் ஏறி, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் இறங்கிவிடும். லைப்பேஸோ ஒரு வாரத்திற்கு மேலும் உயர்ந்தே நிற்கும். ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டு நாள் கடத்திவிட்டு வருபவர்கள் நம் வார்டுகளில் அதிகம் என்பதால், வலி தொடங்கிய நாளைக் கேட்டுக் குறிக்காமல் அமைலேஸை மட்டும் எழுதிய விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன். இந்த எண்கள் நோயை அடையாளம் காட்டுமே தவிர, அதன் கடுமையை அளப்பதில்லை. கடுமையை அறிய மூச்சு, சிறுநீர் அளவு, ரத்த அழுத்தம், யூரியா ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

வினா 2 (7 மதிப்பெண்கள்). அவர் மது அருந்துபவர் என்று வீட்டார் சொல்கிறார்கள். காரணம் கிடைத்துவிட்டதென விசாரணையை முடித்துவிடலாமா?

விடை: கூடாது. பித்தக்கல்லும் மதுவுமே முதன்மைக் காரணங்கள். ஆனால் மது அருந்துபவருக்கும் பித்தக்கல் இருக்கலாம். பித்தநாளமும் கணைய நாளமும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் வாயில் கல் சிக்கினால், கணைய நீர் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. குடலுக்குள் சென்றபின் விழிக்க வேண்டிய டிரிப்சினோஜன் கணையத்துக்குள்ளேயே டிரிப்சினாக மாறி, அந்தத் திசுவையே செரிக்கத் தொடங்குகிறது. ஆகவே பித்தப்பை ஸ்கேன் எல்லோருக்கும் தேவை. முதல் இரண்டு நாள்களில் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. 150 யூனிட்டைத் தாண்டினால் கல்லின்மீதே சந்தேகம் வலுக்கும். குழாயில் எடுத்த ரத்தத்தின் மேல்நீர் பால்போல வெளுத்திருந்தால் ட்ரைகிளிசரைடைப் பார்க்க வேண்டும். அது 1,000 மில்லிகிராமைக் கடந்தால் அதுவே காரணமாகலாம், அமைலேஸைப் பொய்யாகக் குறைத்தும் காட்டலாம். ரத்தத்தில் மிகுந்த கால்சியம், அசதியோப்ரின், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள், வயிற்றில் அடி, எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாளத்தில் செய்யும் சிகிச்சை ஆகியவையும் பட்டியலில் உண்டு.

வினா 3 (5 மதிப்பெண்கள்). "சிஸ்டர், அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதே, இப்ப 240 காட்டுதே" என்று அவர் மனைவி கேட்கிறார். கணையத்தின் இரு பணிகளையும் வேறுபடுத்தி விளக்குக.

விடை: கணையத்தின் பெரும்பகுதி நாளமுள்ள சுரப்பி. அதன் அசினார் செல்கள் அமைலேஸ், லைப்பேஸ், டிரிப்சினோஜன் முதலியவற்றைச் சுரக்கின்றன. நாளச் செல்கள் பைகார்பனேட்டைச் சேர்க்கின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் நாளம் வழியே குடலை அடைகிறது. எடையில் ஓரிரு விழுக்காடே உள்ள லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் நாளமில்லாப் பகுதி. அவற்றின் பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்ஃபா செல்கள் குளுக்ககானையும் நேரே ரத்தத்தில் விடுகின்றன. அழற்சி திட்டுகளையும் தொட்டதாலும், உடலின் அழுத்த ஹார்மோன்கள் கூடியதாலும் இவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம். அது தற்காலிகமாகவும் இருக்கலாம், முன்பே இருந்த நீரிழிவு இப்போது வெளிப்பட்டதாகவும் இருக்கலாம். அந்த அம்மாவிடம் இதை நிதானமாகச் சொல்லி, எச்.பி.ஏ.1சி. சோதனை எடுப்பார்கள் என்றும் தெரிவிக்க வேண்டும்.

வினா 4 (3 மதிப்பெண்கள்). பொன்னுக்கு வீங்கியால் கன்னம் வீங்கிய காட்பாடிச் சிறுவனுக்கு அமைலேஸ் உயர்ந்துள்ளது. வயிற்றுவலி இல்லை. கணையம் பாதிக்கப்பட்டதா?

விடை: உமிழ்நீர்ச் சுரப்பியும் அமைலேஸைத் தருவதால், இந்த உயர்வு மட்டும் கணையத்தைச் சுட்டாது. லைப்பேஸும் இயல்பாக இருந்தால் கணைய அழற்சிக்கு ஆதாரமில்லை. ஆயினும் இந்த வைரஸ் அரிதாகக் கணையத்தையும் தாக்குவதால், மேல்வயிற்றில் வலி வந்தால் உடனே சொல்லும்படி தாயிடம் அறிவுறுத்த வேண்டும்.

வினா 5 (2 மதிப்பெண்கள்). நாள்பட்ட கணைய அழற்சியில் மலம் எண்ணெய்ப் பிசுக்குடன் மிதப்பது எந்தப் பகுதியின் குறைபாடு?

விடை: நாளமுள்ள பகுதியின் குறைபாடு. லைப்பேஸ் போதாமல் கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. மலத்தில் எலாஸ்டேஸ் அளவு குறைந்திருப்பது இதற்குச் சான்று. கணைய நொதி மாத்திரையை உணவோடு சேர்த்தே விழுங்க வேண்டும்.