கலைக்குத் தையல் மிஷின்: பிப்ரவரி 2க்குள் நம் பங்கு

நண்பர்களே, வணக்கம். பொங்கல் எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்திருக்கும். இது கொஞ்சம் நீளமான செய்தி. பணம் சம்பந்தப்பட்டது என்பதால் அரைகுறையாகச் சொல்லிக் குழப்ப மனமில்லை. பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் குழுவில் கலைச்செல்வி இல்லை. அவளைத் தவிர நாம் 34 பேர் மட்டும் இருக்கும்படி நேற்றிரவு இதைப் புதிதாகத் தொடங்கினேன். பழைய குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதிவிடாதீர்கள். செய்தியை வேறு யாருக்காவது அனுப்பும்போதும் எங்கே அனுப்புகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கலையின் கல்யாணம் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 மணி வரை, அருப்புக்கோட்டையிலேயே. பத்திரிகை உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். மாப்பிள்ளைக்குச் சாத்தூர். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இருக்கப்போவதும் அங்கேதான்.

என்ன வாங்குவது என்று பத்து நாட்களாக நானும் பிரபுவும் தேன்மொழியும் பேசிக்கொண்டிருந்தோம். குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு, கிரைண்டர் என்று எல்லாம் வந்து போயின. விளக்கும் தட்டும் உறவினர் பக்கத்திலிருந்து எப்படியும் வந்துவிடும். கிரைண்டரை அவளுடைய மாமா சொல்லிவைத்துவிட்டாராம். கடைசியில் முடிவு செய்தது பீக்கோ அடிக்கும் ஜிக்ஜாக் தையல் மிஷின், மோட்டாரோடு. காரணத்தைச் சொன்னால் உங்களுக்கும் சரியென்று படும்.

தீபாவளிக்கு முன்பு பால்ஸ் வைத்துத் தரச்சொல்லி ஒரு சேலையைக் கலையிடம் கொடுத்திருந்தேன். வாங்கப் போன அன்று வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. பால்ஸ் கையாலேயே தைத்திருந்தாள், தையல் வெளியே தெரியாமல் அவ்வளவு நுணுக்கமாக. ஆனால் ஓரத்துக்குப் பீக்கோ அடிக்க அவளிடம் மிஷின் கிடையாது. என்னுடைய சேலையோடு இன்னும் எட்டுச் சேலைகளைக் கட்டைப்பையில் அடுக்கி, எந்தச் சேலை யாருடையது என்று துண்டுச் சீட்டு எழுதிக் குண்டூசியால் குத்திக்கொண்டு, கடைத்தெருவில் உள்ள இன்னொரு கடைக்கு எடுத்துப்போகத் தயாராக நின்றாள். நானும் கூடவே நடந்தேன். ஒரு சேலைக்குப் பால்ஸ், பீக்கோ இரண்டுக்கும் சேர்த்து அவள் வாங்குவது 120 ரூபாய். அதில் 50 ரூபாய் அந்தக் கடைக்குப் போய்விடுகிறது. பண்டிகை நேரத்தில் அங்கே இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டும். கேட்டதற்கு, "மிஷின் வாங்கணும் மீனா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். அந்த அடுத்த வருடத்தைத்தான் நாம் இப்போதே கொண்டுவரப் போகிறோம்.

அவளிடம் இருக்கும் பழைய மிதி மிஷின் அவளுடைய அம்மாவுடையது. தங்கை இன்னும் அதில்தான் தைத்துப் பழகுகிறாள். அதனால் அது அருப்புக்கோட்டையிலேயே இருக்கும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் சாத்தூருக்குப் போகும்போது கலையின் கையில் மிஷினே இருக்காது. கல்யாணத்தோடு தையல் நின்றுபோகக் கூடாது என்பதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அம்மா மூலமாக மாப்பிள்ளை வீட்டிலும் பேசியாயிற்று. முன்னறையில் ஜன்னலோரம் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இடம் இருக்கிறதாம். அவள் தொடர்ந்து தைப்பதில் அவர்களுக்கும் மகிழ்ச்சிதான் என்றார்கள்.

விலை விவரம்: ஸ்டாண்டு, மோட்டாருடன் மிஷின் 17,500 ரூபாய். சாத்தூரிலேயே ஒரு கடையில் வாங்குகிறோம். மதுரையில் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் பெல்ட் அறுந்தாலும் ஊசி அடிவாங்கினாலும் வந்து பார்ப்பதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும், மிஷினைத் தூக்கிக்கொண்டு அவள் மதுரைக்கு வர முடியாது. பிரபு நேரில் போய் ஓட்டிப் பார்த்துவிட்டான். வெவ்வேறு துணிகளில் அடித்துப் பார்த்ததில் சிந்தெடிக் சேலையில்கூட நூல் சுருக்கவில்லை என்றான். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தித் தர 600 ரூபாய். ஆக மொத்தம் 18,100. நானும் பிரபுவும் ஆளுக்கு 2,500 போட்டு 5,000 முன்பணம் கட்டிவிட்டோம். அதில் எங்கள் பங்கு போக மீதியைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

இப்போது தொகை. வழக்கப்படி ஒற்றை ரூபாய் சேர்த்தே கேட்கிறேன்.

1,001 ரூபாய்: நிலையான சம்பளத்தில் இருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள். ஒரு பத்துப் பேராவது இதைக் கொடுத்தால் சுமை பெருமளவு குறைந்துவிடும்.
501 ரூபாய்: பெரும்பாலோருக்கு இது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு பேர் எதிர்பார்க்கிறேன்.
301 ரூபாய்: இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர்கள், கடன் அடைத்துக்கொண்டிருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள். ஏழு பேர்.

கணக்கு போட்டுப் பார்த்துவிட்டேன்: 10,010, 6,012, 2,107 மூன்றும் சேர்ந்து 18,129. செலவு போக 29 ரூபாய் மிஞ்சும். இதற்கு 29 பேர் போதும், நாம் 34 பேர். மீதி ஐந்து பேருக்கும் சேர்த்தே கணக்கு சரியாகிறது என்பதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இந்த மாதம் முடியவில்லை என்றால் எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம். 101 ரூபாய் அனுப்பினாலும் சரி, பணமே இல்லாமல் வாழ்த்து மட்டும் அனுப்பினாலும் சரி, அட்டையில் உங்கள் பெயர் எல்லோருடைய பெயரோடும் வரும். பெயர்கள் அகரவரிசையில் இருக்கும், தொகை எங்கும் இருக்காது. சரவணனும் தேன்மொழியும் ஒரே வீடு என்பதால் ஒரு பங்கு போதும், இரண்டு பெயர்களும் போடுவேன்.

ஒரு வேண்டுகோள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடாதீர்கள். முன்பு ஒரு கல்யாணத்துக்கு வசூல் செய்தபோது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் குழுவில் போட்டேன். கணக்கு வெளிப்படையாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். இரண்டு நாட்களில் நம்மில் ஒருவர் சொல்லாமல் குழுவைவிட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு வேலை போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. இந்த முறை ஒவ்வொருவர் தொகையும் எனக்கும் பிரபுவுக்கும் மட்டுமே தெரியும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, கடை பில் ஆகியவற்றைக் கட்டாயம் குழுவில் போடுவேன்.

இது மொய் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொய் நோட்டில் ஏறினால் அதை அவள் ஒவ்வொருவருக்கும் திருப்பிச் செய்தாக வேண்டும். 34 பேர் வீட்டு விசேஷங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு அவள் ஓட வேண்டியிருக்கும். குடும்ப வழியில் மொய் உறவு இருப்பவர்கள் அதை மண்டபத்தில் வழக்கம்போலத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதை இதோடு கலக்க வேண்டாம். அதேபோல் மிஷின் சீர்வரிசையிலும் சேராது. பில் கலைச்செல்வி பெயரில்தான் போடச் சொல்லியிருக்கிறோம். மணப்பெண்ணுக்கு நண்பர்கள் கொடுக்கும் பரிசு சட்டப்படி அவளுக்கே சொந்தம். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவளுடைய பொருள் அவள் பெயரில் இருக்கட்டும்.

பணம் அனுப்ப: இந்தச் செய்தி வரும் என்னுடைய இதே எண்ணுக்கு ஜிபே செய்யலாம். குறிப்பில் 'கலை' என்று மட்டும் எழுதுங்கள். வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவேன். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் இதற்கென்று தனியாக அனுப்பிக் கட்டணம் கட்ட வேண்டாம். மாதச் செலவுக்கு வீட்டுக்கு அனுப்பும்போது சேர்த்து அனுப்பி, வீட்டிலிருந்து எனக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் பணமாகக் கொடுக்க விரும்புபவர்கள் அருப்புக்கோட்டையில் பிரபுவின் கடையில் கொடுக்கலாம். கடைசி நாள் பிப்ரவரி 2, திங்கள். 1ஆம் தேதி சம்பளம் வாங்குபவர்களை நினைத்துத்தான் அந்த நாள். 3ஆம் தேதி மீதிப் பணத்தைக் கட்டினால் 6ஆம் தேதி மிஷின் சாத்தூர் வீட்டில் இறங்கிவிடும்.

தொகை கூடினால் நல்ல கத்தரிக்கோல், நூல்கண்டுகள் என்று அவளுக்குப் பயன்படுவதாகவே வாங்குவோம். குறைந்தால் மோட்டார் இல்லாமல் மிதியோடு எடுத்துவிட்டு, மோட்டாரைப் பின்னால் பார்க்கலாம். அப்படி நேராது என்று நம்புகிறேன்.

மேடைக்கு மிஷினைத் தூக்கிப் போக முடியாது. அதற்குத் தேன்மொழி ஒரு வழி சொன்னாள், கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலையின் ஜாமெட்ரி பாக்ஸ் உங்களுக்கு நினைவிருக்கிறதா? காம்பஸுக்குப் பக்கத்தில், வெள்ளை நூல் சுற்றிய ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். யாருக்குப் பொத்தான் அறுந்தாலும் அந்த பாக்ஸ்தான் திறக்கும். 2014 மார்ச்சில் முதல் பொதுத் தேர்வு அன்று பஸ் ஜன்னல் கம்பியில் மாட்டி முருகனுடைய சட்டைத் தோள்பட்டை கிழிந்து, அவன் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழும் நிலையில் நின்றான். சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லை. அவனை வேப்பமரத்தடியில் குனிந்து நிற்கச் சொல்லி, முதல் மணி அடிப்பதற்குள் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு அவளும் ஓடினாள். அதே மாதிரி ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி, அதற்குள் நம் மிஷினுடைய பாபினும் பாபின் கேஸும் வைத்து, வெள்ளை நூல் சுற்றிய ஊசியும் போட்டு, நம் பெயர்கள் எழுதிய அட்டையோடு அவள் கையில் கொடுக்கப் போகிறோம்.

அட்டைக்காக ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். பொதுவான வாழ்த்து வேண்டாம். அவள் உங்களுக்கு எதைத் தைத்துக் கொடுத்தாள் என்று எழுதுங்கள். முருகா, உன்னுடைய வரி முதலில் வரட்டும்.

நேரில் வருபவர்கள் ஞாயிறு காலை 7 மணிக்கெல்லாம் மண்டப வாசலில் கூடிவிடுவோம். மதுரையிலிருந்து வருபவர்கள் முதல் நாள் மாலையே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டால் நல்லது. என் வீட்டில் பெண்கள் ஆறு பேர் தங்கலாம், பையன்களுக்கு பிரபு வீட்டு மாடி இருக்கிறது. எத்தனை பேர் என்று 5ஆம் தேதிக்குள் சொல்லுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கேட்கிறார்கள்.

அன்புடன்,
மீனா