ரெண்டு டிபன் டப்பா

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திலகா. நிவேதாவோட ஹாஸ்டல் ரூம்மேட், செந்திலுக்கு சர்வே குரூப்மேட். கோவை ஜி.சி.டி., சிவில், 2014 பேட்ச். அதோ பந்திக்கு முதல் ஆளா போகணும்னு வாசல் பக்கமாவே உக்காந்திருக்காங்களே, அந்த வரிசை முழுக்க எங்க பேட்ச்தான்.

செந்தில் பொள்ளாச்சி, நிவேதா தேனி. ரெண்டு பேரும் ஒரே கிளாஸ்ல ரெண்டு வருசம் உக்காந்தும் பேசினதில்ல. பேச வச்சது வால்பாறை. சர்வே கேம்ப்புக்கு பஸ்ல போறோம். ஆழியாறு தாண்டினா நாப்பது கொண்டை ஊசி வளைவு. "எங்க ஊரு மலைங்க, கண்ண மூடிட்டே போவேன்"னு செந்தில் ஒரே அலப்பறை. ஒன்பதாவது வளைவுல நிஜமாவே கண்ண மூடிட்டான். தலை ஜன்னலுக்கு வெளிய போயிருச்சு. முன் சீட்ல இருந்து ஒரு கை நீண்டுச்சு, அதுல காஞ்ச நார்த்தங்காய். போடிமெட்டுல ஏறி இறங்கி வளந்த பொண்ணு. "வாயில அடக்கிக்கோங்க, முழுங்கிராதீங்க"ன்னா. அதுதான் இவ அவன்கிட்ட பேசின முதல் வார்த்தை. இன்னைக்கு வரைக்கும் அவ சொல்றதை அவன் அப்படியே கேக்கறான்!

மறுநாள் லெவலிங், அதாவது நிலத்தோட மேடு பள்ளத்தை அளக்கறது. நிவேதா மேட்டுல ஸ்டாஃப்ங்கற அளவுக் கோலைப் பிடிச்சு நிக்கறா, செந்தில் கீழ இருந்து லென்ஸ் வழியா ரீடிங் பாக்கறான். அவ மேட்டுல நின்னதால ரீடிங் ஸ்டாஃபோட அடியிலதான் விழும். அதனால அவ ஷூவும் லென்ஸ்ல தெரிஞ்சிருக்கு. நோட்டைப் பிடிச்சுட்டு நாங்க காத்திருக்கோம், ரீடிங் வரல. "அட்டை!"ன்னு ஒரு சத்தம். உப்புப் பொட்டலத்தை எடுத்துட்டு ஓடினான் பாருங்க, ட்ரைபாட் கால் தட்டி லெவலே சாஞ்சிருச்சு. காலைல இருந்து எடுத்ததை மறுபடி முதல்ல இருந்து எடுத்தோம். அன்னைக்கு குரூப்ல அத்தனை பேரும் அவனைத் திட்டினோம், நிவேதாவைத் தவிர. எங்களுக்கு அப்பவே புரிஞ்சு போச்சு.

செந்தில் அம்மா, இப்ப ஒரு விசயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கேம்ப் முடிஞ்ச திங்கக்கிழமையில இருந்து உங்க பையன் ரெண்டு டப்பா கேட்டானே, "ரொம்பப் பசிக்குதும்மா"ன்னு? நீங்களும் அரிசிம்பருப்பு சோறு, நெய் எல்லாம் வச்சு ரெண்டு டப்பா கட்டினீங்க. இத்தனை தின்னும் பையன் உடம்புல ஒட்டலயேன்னு பூச்சி மருந்து வேற வாங்கிக் கொடுத்தீங்க. பாவம், அதையும் குடிச்சான்மா! ரெண்டாவது டப்பா போன இடம் இதோ, பட்டுச்சேலை கட்டி உங்க மருமகளா நிக்குது. அதுல பாதி எனக்கும் வந்துச்சு. அந்த ருசிக்கு இந்த மேடையில வச்சே நன்றி சொல்லிக்கறேன்.

படிப்பு முடிஞ்சதும் அவன் சென்னையில சைட் இன்ஜினியர். இவ வீட்டுல உக்காந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிச்சா. ராத்திரி கான்கிரீட் போட்டு முடிச்சு, வண்டிச் சத்தத்துக்கு நடுவுல நின்னு அவளுக்குக் கேள்வியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். மண்ணியல், நீரியல், தமிழ்நாட்டு அணைகள், எல்லாம் வரும். "ஐ லவ் யூ" மட்டும் வராது. நான் கேட்டே பாத்தேன், ஏன்டான்னு. "அது சிலபஸ்ல இல்லீங்களே"ன்னான். அவ பாஸ் பண்ணி அசிஸ்டன்ட் இன்ஜினியர் ஆனப்ப, எங்க குரூப்ல முதல்ல அழுதது செந்தில்தான்.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்லணும். நிவேதா அப்பாவுக்கு மதுரையில இதய ஆபரேஷன். நாங்கெல்லாம் போன்ல விசாரிச்சோம். செந்தில் ராத்திரி பஸ் ஏறி வந்துட்டான். ரத்தம் கொடுத்தான். ஐ.சி.யூ. வாசல்ல அவ தூங்கறதுக்காக அவன் முழிச்சு உக்காந்திருந்தான். வார்டுக்கு வந்ததும் அப்பா, "தம்பி யாரு?"ன்னாரு. "கிளாஸ்மேட்ங்க." அப்பா அவனையே பாத்துட்டு நிவேதா பக்கம் திரும்பி, "உன் கிளாஸ்ல அறுபது பேர் படிச்சீங்களேம்மா, மீதி அம்பத்தெட்டு பேர் எங்க?"ன்னாரு. தையல் வலிக்க வலிக்கச் சிரிச்சாரு. இந்தக் கல்யாணம் அன்னைக்கே முடிவாயிருச்சுன்னு நான் நம்பறேன். அப்பா, நீங்க இன்னைக்கு முன் வரிசையில நல்லா உக்காந்திருக்கறதைப் பாக்க எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோசம்.

செந்தில், இவளுக்குப் பசி வந்தா கோவம்தான் முதல்ல வரும். என்ன தப்பு பண்ணேன்னு யோசிச்சு நிக்காத, தட்டை வைடா. நிவி, இவன் "ஒண்ணுமில்ல"ன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம். ரெண்டு தடவை கேளு, சொல்லிருவான். மலைக்குப் போனா வண்டி நீ ஓட்டு. எனக்கு வாரத்துக்கு ஒரு போன் பண்ணுடி, ரெண்டு பேரும் சேந்தே பண்ணுங்க.

பொள்ளாச்சிக் கல்யாணம், எல்லார் கையிலயும் இளநீர் இருக்கும். ஒரு தடவை மேல தூக்குங்க பாக்கலாம். பின்னாடி வரிசை, பந்தி எங்கயும் ஓடிராது, நீங்களும் தூக்குங்க! எங்க செந்திலும் நிவேதாவும் நூறு வருசம் சேந்து சிரிச்சுட்டு, நல்லா இருக்கணும்! சத்தமா சொல்லுங்க, நல்லா இருக்கணும்!