சாவி மாற்றக் கொள்கையும் எச்.எஸ்.எம். பயன்பாடும்: உள்சுற்றறிக்கை, பதிப்பு 3

நடைமுறைக்கு வரும் நாள்: 2025 ஆகஸ்ட் 1. பள்ளிக் கட்டணத்தைத் தவணைகளில் வசூலிக்கும் நமது கோவை அலுவலகத்தின் பதினான்கு பேருக்கும் இது பொருந்தும். பதிப்பு 2 இத்துடன் காலாவதியாகிறது.

எதைக் காக்கிறோம்

நம்மிடம் கார்டு எண் கிடையாது, இருக்கவும் கூடாது. கார்டு வழங்கிய வங்கியும் கார்டு நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் அதைச் சேமித்து வைக்க 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லை. நமக்குக் கடைசி நான்கு இலக்கங்களும் டோக்கனும் போதும். நாம் வைத்திருப்பவை பெற்றோரின் வங்கிக் கணக்கு எண், தானியங்கிப் பற்று ஆணை, யுபிஐ முகவரி ஆகியவை. இவற்றுக்கு பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். என்ற கார்டுத் தரவுப் பாதுகாப்பு விதிகள் பொருந்தாதே என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். பொருந்தாதுதான். ஆனால் சாவி மேலாண்மைக்கு அவற்றைவிட நல்ல விதிகளை நாமே எழுதிவிடப் போவதில்லை, அவற்றையே எடுத்துக்கொள்கிறோம்.

சாவி எங்கே இருக்கும்

பதிவுகளைப் பூட்டுபவை தரவுச் சாவிகள், அந்தச் சாவிகளைப் பூட்டுவது தலைமைச் சாவி. தலைமைச் சாவி எச்.எஸ்.எம். எனப்படும் வன்பொருள் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள்ளேயே உருவாகும். அதற்கு வெளியே வெளிப்படையாக ஒருபோதும் வராது. சொந்தமாக எச்.எஸ்.எம். வாங்குவதில்லை: ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டும், இரண்டையும் பராமரிக்க ஆள் வேண்டும். கார்டின் பின் எண்ணைக் கையாளுவோருக்கே அதற்கென்ற தனி வகை எச்.எஸ்.எம். தேவை, நாம் அந்த வேலை செய்வதில்லை. ஏ.டபிள்யூ.எஸ். நிறுவனத்தின் கே.எம்.எஸ். எனப்படும் சாவி மேலாண்மைச் சேவை, அமெரிக்க அரசின் ஃபிப்ஸ் 140-3 தரத்தில் மூன்றாம் நிலைச் சான்று பெற்ற எச்.எஸ்.எம்.களில் இயங்குகிறது, அது போதும். தலைமைச் சாவி மும்பையில் (`ap-south-1`), நகல் ஹைதராபாத்தில் (`ap-south-2`). பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்ற 2018 ஏப்ரல் 6 உத்தரவை மனத்தில் வைத்தே இரண்டையும் உள்நாட்டில் வைத்திருக்கிறோம்.

மாற்றும் காலம்

தலைமைச் சாவி ஆண்டுக்கு ஒருமுறை தானாக மாறும்:

```
aws kms enable-key-rotation --region ap-south-1 \
  --key-id "$KEK_ARN" --rotation-period-in-days 365
```

இதைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நாம் இதுவரை செய்த தவறு. கே.எம்.எஸ். பழைய சாவிப் பொருளை வைத்துக்கொண்டே புதியதற்கு மாறுகிறது. பழைய தரவைத் தொடுவதில்லை. பதிவுகளைப் பூட்டும் தரவுச் சாவி ஒன்று கசிந்துவிட்டால், அதைச் சுற்றியிருக்கும் தலைமைச் சாவியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

ஆகவே தரவுச் சாவி மாதந்தோறும் புதிதாக உருவாகும். ஒரே சாவியில் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். முறையில், நான்ஸ் எனப்படும் தற்செயல் எண் கொண்டு, 2³² முறைக்கு மேல் பூட்டக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் வைத்த வரம்பு. அது ஏறத்தாழ 429 கோடி. நமக்கோ மாதம் நாற்பதாயிரம் பதிவுகள். வரம்புக்குப் பயந்து மாற்றவில்லை. ஒரு சாவி போனால் ஒரு மாதத் தரவோடு சேதம் நிற்க வேண்டும் என்பதற்காக மாற்றுகிறோம். ஒவ்வொரு பதிவும் எந்தச் சாவியால் பூட்டப்பட்டது என்ற எண்ணைத் தன்னோடு வைத்திருக்கும். இரண்டு ஆண்டு கடந்த பதிவுகளை இரவு நேரப் பணி புதிய சாவிக்கு மாற்றிப் பூட்டும்.

கணக்கு எண்ணைத் தேடப் பயன்படும் எச்.மேக். சாவி தொல்லை பிடித்தது. கே.எம்.எஸ். அதைத் தானாக மாற்றாது. மாற்றினால் தேடல் குறியீடு முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி விடுமுறையான மே மாதத்தில், புதிய நெடுவரிசை ஒன்றில் குறியீட்டை நிரப்பி, இரண்டு நெடுவரிசைகளிலும் ஒரு வாரம் தேடிப் பார்த்துவிட்டுப் பழையதை நீக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே இரவில் மாற்றக் கூடாது.

ஒருவர் விலகினால்

சென்ற ஆண்டு ஒரு நிரலாளர் விலகியபின், அவருடைய மடிக்கணினியின் `.env` கோப்பில் அன்றைய தரவுச் சாவி இருந்தது ஒன்பது நாள் கழித்தே தெரிந்தது. இனி அனுமதிகள் கடைசி வேலை நாள் மாலைக்குள் நீக்கப்படும். தலைமைச் சாவியை அவர் பார்த்திருக்க வழியில்லை. அதை மாற்றத் தேவையில்லை. நேரடிச் சேவையகத்தில் நுழையும் உரிமை இருந்தவரானால், தரவுச் சாவி அன்றே மாறும். அவர் எட்டியிருக்கக்கூடிய பழைய சாவிகளின் பதிவுகள் ஒரு வாரத்துக்குள் மறுபூட்டு ஆகும்.

சாவி கசிந்ததாகச் சந்தேகம் வந்தாலே, உறுதிக்குக் காத்திராமல், தொழில்நுட்பத் தலைவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க நமக்கு இருப்பது ஆறு மணி நேரம். அது சம்பவம் தெரியவந்த நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கும். சாவிப் பயன்பாட்டுப் பதிவேடுகளுக்கு செர்ட்-இன் கேட்பது 180 நாள். நாம் 400 நாள் வைக்கிறோம்.

அழித்தல்

தலைமைச் சாவியை அழித்தால், அதனால் பூட்டிய அனைத்தும் காப்புப் பிரதிகளோடு சேர்ந்து போய்விடும். மீட்க யாராலும் முடியாது. எனவே எல்லாப் பதிவுகளும் மறுபூட்டு ஆகி, பழைய காப்புப் பிரதிகளின் 90 நாள் ஆயுளும் முடிந்த பிறகே அழிப்புக் கோரிக்கை. காத்திருப்புக் காலம் 30 நாள், கே.எம்.எஸ். அனுமதிக்கும் குறைந்தபட்சமான ஏழு நாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்த நாள்களில் அச்சாவியை எந்தப் பணியாவது கேட்டால் எச்சரிக்கை வரும். வந்தால் கோரிக்கை ரத்து.

கோரிக்கையைத் தொழில்நுட்பத் தலைவர் எழுப்புவார், கணக்குப் பிரிவுத் தலைவர் ஒப்புதல் தருவார். இருவரும் ஒரே நேரத்தில் விடுப்பில் போகக் கூடாது. சாவிப் பொறுப்பை ஏற்பதாக இருவரும் எழுதிக் கையெழுத்திட்ட தாள் அலுவலகப் பெட்டகத்தில் இருக்கும். ஏ.டபிள்யூ.எஸ். மூலக் கணக்கில் நுழைவதற்கான இரண்டாவது பாதுகாப்புச் சாவி வங்கி லாக்கரில்.