பாலக்கோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மேடத்துக்கு

பொங்கல் வாழ்த்துகள்!

பயப்படாதீங்க, இது பார்வர்டு இல்லை. பொங்கி வழிகிற பானை, ரெண்டு ரோஜா, மின்னுகிற கரும்பு எல்லாம் காலையிலிருந்தே பெரியப்பா எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். இது நானே உட்கார்ந்து டைப் செய்தது. மூன்று தடவை அழித்தேன். கரும்பு கடித்த கை, அதனால் போன் முழுக்கப் பிசுபிசுப்பு.

நேற்று வீட்டில் காப்புக் கட்டும் வேலை என் தலையில்தான். வேப்பிலை, ஆவாரம்பூ வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பூளைப்பூவைக் கையில் எடுத்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. "அதைப் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும்" என்று போன வாரம் கிளாஸில் சொன்னீர்களே. தனியாக நின்று சிரித்தேன். அம்மா ஒரு மாதிரி பார்த்தார். நேற்று எத்தனை தும்மல் என்று கணக்குச் சொல்லுங்கள்.

நாளைக்கு மாட்டுப் பொங்கல். எங்கள் செவலைக்கு வருஷா வருஷம் கொம்பில் சிவப்பு பெயின்ட்தான். இந்தத் தடவை நீலம் வாங்கி வந்திருக்கிறேன், உங்கள் குடை நிறத்தில். கடையில் அந்த டப்பாதான் முதலில் கண்ணில் பட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே நம்பிக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

அப்புறம் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. மாதிரித் தேர்வில் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு பாரி என்று டிக் அடித்தீர்கள். அதியமான்கோட்டைக்காரன் ஒருத்தன் பக்கத்து பெஞ்சில் இருக்கும்போதே! ஊரே என்னைக் கேள்வி கேட்கும். அந்த அவமானத்தைத் துடைக்க ஒரே வழிதான் இருக்கிறது. எங்கள் வீட்டு மரத்தில் நெல்லிக்காய் காய்த்துத் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை கிளாஸுக்கு ஒரு பை கொண்டுவருகிறேன், உப்பும் மிளகாய்த்தூளும் தனிப் பொட்டலமாக. அதியமான் கொடுத்தது ஒரே ஒரு கனி. ஔவை நீண்ட நாள் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. என் ஆசை சின்னது: அன்றைக்கு மட்டும் பாலக்கோடு பஸ் கொஞ்சம் லேட்டாக வர வேண்டும்.

நெல்லிக்காய் தின்றதும் தண்ணீர் குடித்தால் இனிக்கும். தண்ணீர் பாட்டிலும் என் பொறுப்பு. நீங்கள் வந்து நின்றால் போதும்.

சரி, கடைசியாக ஒன்று. ஆறு மாதமாக 'வாங்க, போங்க' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். மரியாதை எனக்கும் பிடிக்கும், ஆனால் இவ்வளவு வேண்டாம். போகிக்குப் பழையதை எல்லாம் கொளுத்தினோம், இந்த 'ங்க'வை மட்டும் ஏனோ விட்டுவிட்டோம். எனக்குப் பதில் வாழ்த்து வேண்டாம். "நீ எப்போ வருவே?" என்று மூன்றே வார்த்தை போதும். இல்லை, 'ங்க'வே இருக்கட்டும் என்றால் அதுவும் சரி, நெல்லிக்காய் எப்படியும் வந்துவிடும்.

சர்க்கரைப் பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னாதீங்க. எனக்கும் ரெண்டு எடுத்து வையுங்கள்.