ஆழ்வார்குறிச்சியா, மன்னம்பந்தலா? பேராசிரியருக்கு ஒரு மாணவியின் கடிதம்

வீரவநல்லூர்,
28.5.2026

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமும் வீட்டில் எல்லோரது நலமும் அறிய ஆவல். தேர்வு முடிவு வந்த அன்று தொலைபேசியில் வாழ்த்தினீர்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்கள். அன்றே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அப்போது ஓரிடத்திலிருந்துதான் சேர்க்கைக் கடிதம் வந்திருந்தது. இப்போது இரண்டாவதும் வந்துவிட்டது. ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் ஏதாவது ஒன்றில் பணம் கட்டியாக வேண்டும்.

ஒன்று, ஆழ்வார்குறிச்சியில் நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி மையத்தில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். மற்றது, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எம்.எஸ்சி. வனஉயிரியல். எம்.எஸ்சி. விலங்கியலையே தொடரலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். இந்த மூன்று ஆண்டுகளில் என்னைப் பிடித்துக்கொண்டது குளமும் பறவையும்தான். இனி அதை ஒட்டியே படிக்க வேண்டும் என்று தீர்மானித்துத்தான் இந்த இரண்டுக்கும் விண்ணப்பித்தேன்.

வீட்டு நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆழ்வார்குறிச்சி என்றால் காலையில் பாசஞ்சர் ரயிலில் ஏறி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டி இறங்கிவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மன்னம்பந்தல் என்றால் விடுதிதான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த 1,000 ரூபாயும் இளநிலைப் படிப்போடு நின்றுவிட்டது. அப்பா குத்தகைக்குப் பயிரிடுகிறார். பிசான அறுப்பு முடிந்து கையில் இருப்பது முதல் தவணைக்குப் போதும் என்கிறார். அடுத்த தவணையைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்கவில்லை. இருந்தாலும் பணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொன்னவரும் அவர்தான்.

இனி படிப்பு. மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்காக எங்கள் ஊர்க் குளத்தில் நீர்ப்பறவைகளை எண்ணியது தங்களுக்கு நினைவிருக்கும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைந்திருந்த நேரம். ஒரே காலையில், ஒரே கரையில், மறுகால் பக்கம் நானும் மடைப் பக்கம் தோழியும் நின்று எண்ணினோம். திறந்த நீரில் கிடந்த நாமக்கோழிகளில் இருவர் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனது. சம்பங்கோரைக்குள் நடமாடிய நீலத் தாழைக்கோழிகளில் ஒத்துப்போகவே இல்லை. கோரை விலகும்போது ஒரு நீலமும் சிவப்பு அலகும் தெரியும். அடுத்த நொடி இருக்காது. தாங்கள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறீர்கள். படாததை எப்படிக் கணக்கில் கொண்டுவருவீர்கள்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறைகள் இருக்கின்றன என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த முறைகளைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இப்போது என் ஆசை.

அதற்கு வனஉயிரியல்தான் நேர்வழி என்று தோன்றுகிறது. எண்ணிக்கையை மதிப்பிடுவது, நடத்தையைப் பதிவு செய்வது, களத்தில் தங்கி ஆய்வு செய்வது எல்லாம் அந்தப் படிப்பின் நடுநாயகம். பக்கத்துக் கடற்கரையில் கோடியக்கரை இருக்கிறது. 2002-லேயே ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடம். வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு நடந்த இடம். அங்கே ஒரு பருவம் நின்று பார்த்தால் நம் கூந்தன்குளத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும் என்று நம்புகிறேன்.

ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது ஆழ்வார்குறிச்சி இருக்கும் இடம். நான் ஆராய விரும்பும் குளங்கள் இங்கேதான் இருக்கின்றன. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் நிரப்புகிற குளங்கள் அவை. கார் பருவத்தில் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள், பிசானம் முடிந்து எது முதலில் வற்றுகிறது என்பதை வைத்துத்தான் பறவைகளும் இடம் மாறுகின்றன. 2023 டிசம்பர் பெருமழையில் உடைந்த குளங்களில் பறவை வரத்து எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. நீரின் தன்மை, சாகுபடியிலிருந்து வடியும் உரம், ஆகாயத்தாமரை மூடுவது, செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பை அளப்பது ஆகியவற்றையெல்லாம் சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் முறையாகக் கற்றுக்கொள்ளலாம். பறவையைப் படித்துவிட்டுத் தண்ணீரைத் தெரியாமல் இருந்தால் பாதிதானே தெரிந்ததாகும்? இந்த இடத்தில்தான் என் மனம் முடிவுக்கு வராமல் நிற்கிறது.

அடுத்தது வேலை. வனச்சரகர் பணிக்கான தேர்வு எழுத என் இளநிலை விலங்கியலே போதும் என்பதால் அதை இதில் சேர்க்கவில்லை. ஆராய்ச்சி உதவித்தொகைதான் பெரிய வேறுபாடு. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் அதே பாடத்தை எழுதலாம். வனஉயிரியல் படித்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல். அதில் 13 அலகுகள். சூழலியலும் பரிணாமமும் நடத்தையும் நான் விரும்பிப் படிப்பவை. மூலக்கூறு உயிரியலையும் உயிர்வேதியியலையும் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் கிடைத்துவிட்டால் அதன் பிறகு வீட்டில் கேட்க வேண்டியிருக்காது. அதனால் இது எனக்குச் சாதாரண விஷயம் அல்ல.

அம்மாவின் கவலை வேறு. "டீச்சர் வேலைக்கு இந்தப் படிப்பு ஆகுமா, ஆகாதா?" என்று மட்டும் கேட்கிறார்கள். விலங்கியல் பணியிடத்துக்கு வனஉயிரியல் பட்டம் இணையானது என்று ஒருவர் சொல்கிறார்; அரசாணை காட்டினால்தான் ஆகும் என்கிறார் இன்னொருவர். தெரு முனையில் கேட்டு முடிவு செய்யும் காரியமா இது?

ஆகவே தாங்கள் எனக்கு மூன்று விஷயங்களில் தெளிவு சொன்னால் போதும். உதவிப் பேராசிரியர் பணிக்கு வரும் விண்ணப்பங்களில் இந்த இரண்டு பட்டங்களையும் எப்படிப் பார்க்கிறார்கள்? வனஉயிரியல் முடித்துவிட்டு, நீர், மண் பற்றிய பகுப்பாய்வை ஆய்வுப் படிப்பின்போது கற்றுக்கொள்வது எளிதா, அல்லது சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டுக் கணக்கெடுப்பு முறைகளைக் கற்றுக்கொள்வது எளிதா? மன்னம்பந்தலில் படித்தாலும் முதுநிலை ஆய்வேட்டுக்கு நம் பக்கத்துக் குளங்களை எடுத்துக்கொள்ள அனுமதிப்பார்களா? அங்கே பயின்ற தங்கள் பழைய மாணவர் யாரேனும் இருந்தால், அவரிடம் பேச எனக்கு ஒரு வழி செய்து தர வேண்டுகிறேன்.

இப்போதைக்கு என் மனம் மன்னம்பந்தல் பக்கம் சாய்ந்திருக்கிறது. தாங்கள் "வேண்டாம்" என்றால் காரணத்தையும் சொல்லுங்கள், ஐயா. அப்பாவிடம் அதே காரணத்தைச் சொல்ல எனக்கு உதவும். "போ" என்றாலும் அப்படியே.

வருகிற வியாழக்கிழமை மாற்றுச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வருகிறேன். காலை பதினொரு மணிக்குமேல் துறையில் இருப்பீர்களானால் நேரில் வந்து பார்க்கிறேன். இரண்டு பாடத்திட்டங்களையும் அச்செடுத்துக் கொண்டுவருகிறேன். அன்று தங்களுக்கு வேறு வேலை இருந்தால், எந்த நாள் வரலாம் என்று ஒரு வார்த்தை தெரிவித்தால் போதும்.

தங்கள் மாணவி,
மு. இசக்கியம்மாள்
இளநிலை விலங்கியல், 2023–2026